வாழாவெட்டிக்கு ஆண்பால் எங்கே?

மணமுறிவு இருவருக்கும்தானே நடக்கிறது? அவள் மட்டும் எப்படி ‘வாழாவெட்டி’ ஆகிறாள்? அவனுக்கு என்ன பெயர்? ஒன்றுமில்லை, அடுத்த வரன் பார்ப்பார்கள். இருவரும் சேர்ந்து ஓடினாலும் ‘ஓடுகாலி’ அவள்தான். பதில் பேசினால் வாயாடி, பணியாவிட்டால் அடங்காப்பிடாரி. அடங்கியிருப்பது அவள் கடமை என்று யார் எழுதி வைத்தது?

சரி, ஆணை எப்படித் திட்டுகிறார்கள்? சம்பாதிக்காவிட்டால் தண்டச்சோறு. மனைவி சொன்னதைக் கேட்டால் பொண்டாட்டிதாசன். அழுதால் ‘பொம்பளை மாதிரி அழாதே’. அவனையும் அழ விடுவதில்லை, அதற்கும் பெண்ணைத்தான் இழிவாக இழுக்கிறார்கள். அதைவிடக் கேவலம், இரண்டு ஆண்கள் சண்டை போட்டால் முதலில் வசவு வாங்குவது அங்கே இல்லாத அம்மா. அவள் என்ன செய்தாள்? எத்தனை தடவைதான் காதைப் பொத்திக்கொள்வது?