1.618ம் என் அக்கா மகளின் தாடையும்

மதுரை சிம்மக்கல் பக்கம் இருபத்தாறு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஜாதகத்தோடு அனுப்புகிற போட்டோக்கள்தான் என் பிழைப்பில் பாதி. போன வாரம் அக்கா மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பருவுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் முகத்தைப் படமெடுத்து, மேலே கோடு கோடாகப் போட்டு, ‘தங்க விகிதப் பொருத்தம் 71 சதவீதம்’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். முகத்தின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.618 வரவேண்டும், அதுதான் அழகு என்பது இந்தத் தங்க விகிதக் கதை. தாடையில் ஊசி போட்டால் 80ஐத் தாண்டுமாம்.

“நான் அவ்வளவுதானா மாமா?”

அவளைப் போன வருஷம் நான் எடுத்த படத்தின் பிரிண்ட் மேஜை டிராயரில் இருந்தது. ஸ்கேலை எடுத்தேன். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை 74 மில்லிமீட்டர். கன்ன எலும்பின் அகலம் 52. வகுத்தால் 1.42. சரி, பாஸ் இல்லை. அதே படத்தில் உச்சந்தலையிலிருந்து அளந்தேன், 84 வந்தது. 52ஆல் வகுத்தால் 1.62, அசல் தங்கம்! அகலத்தைக் காதோடு சேர்த்து 56 என்று எடுத்தால் 1.5க்கு இறங்கிவிடுகிறது. முகம் ஒன்றுதான். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்பதை அளக்கிறவர் முடிவு செய்கிறார். முகத்தில் கண், மூக்கு, உதடு, புருவம் என்று இருபது புள்ளி குறித்தால் ஆயிரக்கணக்கான விகிதம் கிடைக்கும். அதில் நாலைந்து 1.6ஐ ஒட்டி வராமல் போனால்தான் அதிசயம்.

படமெடுத்த தூரம் இன்னொரு கூத்து. இது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செல்போனை மூக்கு நுனியிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால், காதோரக் கன்னம் சுமார் 40 சென்டிமீட்டரில் இருக்கும். கிட்டே இருப்பது பெரிதாக விழும். ஆகவே கன்னத்தோடு ஒப்பிட்டால் மூக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கிட்டத்தில் எடுத்த படத்தில் முகத்தின் ஓரங்கள் பின்வாங்கி, முகம் ஒடுங்கி நீளமாகத் தெரியும். நீளத்தை அகலத்தால் வகுக்கிற விகிதம் தானாக ஏறிவிடும். நம்பாதவர்கள் ஒரே ஆளைக் கைநீளத்திலும் ஐந்தடியிலும் எடுத்து, இரண்டையும் அளந்து பாருங்கள். எந்த தூரத்தில் எடுத்தது என்று அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

இந்த எண்ணுக்கும் அழகுக்கும் முடிச்சு போட்டது யார் என்று தேடினால், 1854இல் ஜெர்மானியரான அடால்ப் ஸைசிங் மனித உடம்பு முழுக்க இந்த விகிதம் இருப்பதாக எழுதியதில்தான் போய் நிற்கும். யூக்ளிட்டுக்கு இது கோடு பிரிக்கிற கணக்கு மட்டும். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தூண் சிலைகளைக் காட்டி ‘நம்மவர்கள் அப்போதே தங்க விகிதம் அறிந்தவர்கள்’ என்று ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஸ்தபதிகள் கணக்கு, முகநீளத்தை அலகாக வைக்கிற தாலம் ஐயா. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம், பெரிய தெய்வச் சிலைகளுக்கான உத்தம தசதாலத்துக்கு மொத்தம் 124 அங்குலம். எல்லாம் முழு எண். அதுவும் சிலை செய்ய வைத்த அளவு, பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு வைத்ததில்லை.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2010இல் பாலெட், லிங்க், லீ என்ற மூவர் பெண் முகங்களைக் கணினியில் எடுத்து, ஒவ்வொரு முகத்திலும் கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியையும் இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் கூட்டிக் குறைத்துக் காட்டினார்கள். ஆட்கள் விரும்பியது, முதலாவது முகநீளத்தில் 36 சதவீதமாகவும் இரண்டாவது முக அகலத்தில் 46 சதவீதமாகவும் இருந்த படங்களை. இரண்டும் தங்க விகிதம் இல்லை. அந்தக் கூட்டத்துப் பெண்களின் சராசரி அளவு அது, அவ்வளவுதான். அதிலும் ஒரு வரம்பு உண்டு. பார்த்ததெல்லாம் வெள்ளைக்காரப் பெண் முகங்கள். ஒரே முகத்தில் எது மேல் என்று அது சொல்லும், இரண்டு பெண்களில் யாரைப் பிடிக்கும் என்று சொல்லாது.

யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதில் ஊரே ஒத்துக்கொள்கிற பங்கும், அவரவர் தனி ரசனையும் ஏறக்குறைய சமம் என்று 2006இல் ஹோனகோப் என்ற உளவியலாளர் கணக்கிட்டார். அப்படியென்றால் அளக்கிற கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பாதி விஷயம் அதன் கைக்கு வராது. அது பார்க்கிறவரிடம் அல்லவா இருக்கிறது!

இதை நான் கடையில் தினம் பார்க்கிறேன். அக்கா மகளின் அந்தப் படத்தையே மூன்று வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். மேலூர்க்காரர்கள் “முகம் கொஞ்சம் நீளமோ” என்றார்கள். உசிலம்பட்டி வீட்டில் “வட்ட முகம், லட்சணமா இருக்கு” என்றார்கள். திருமங்கலத்துப் பையனின் அம்மா மட்டும், “இது ரொம்ப வெறப்பா இருக்கே, வீட்ல சும்மா எடுத்தது ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். இட்லி மாவுக் கையோடு அவள் சிரிக்கிற படம் ஒன்று அக்கா போனில் இருந்தது, கொஞ்சம் ஆடிப்போன படம். ஒரு தொழில்காரனாக எனக்கு அதை அனுப்பவே மனசில்லை. அக்கா அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.