ஒரே ட்ரெயின், ரெண்டு டிக்கெட்

முழு தூரத்துக்கு சீட் இல்லன்னு ஸ்க்ரீன்ல வந்ததும் ட்ரெயினே ஃபுல்லுன்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க. அது அப்படி இல்லங்க. நீங்க முழு தூரம் கேட்டா, ஏறுற இடத்துல இருந்து இறங்குற இடம் வரைக்கும் காலியா இருக்குற ஒரே சீட்டைத்தான் சிஸ்டம் தேடும்.

பத்து ஸ்டேஷன் போற ஒரு ட்ரெயின்னு வச்சுக்கோங்க. 23ம் நம்பர் சீட்ல ஒருத்தர் ஆறாவது ஸ்டேஷன்லதான் ஏறப்போறாரு, அதுவரைக்கும் அது காலி. 47ம் நம்பர்ல இருக்குறவரு அஞ்சாவதுலயே இறங்கிடுவாரு, அப்புறம் கடைசி வரைக்கும் அது காலி. ஒன்னுல இருந்து பத்து வரைக்கும்னு கேட்டா ரெண்டுமே தேறாது, ஆனா அஞ்சாவது ஸ்டேஷன்ல வெட்டி ரெண்டு டிக்கெட்டா கேட்டா ரெண்டு சீட்டும் உங்களுக்குத்தான்.

சிக்கல் அந்த அஞ்சாவது ஸ்டேஷன்லதான் இருக்கு. நீங்க ஏற்கனவே ட்ரெயினுக்குள்ள இருக்கீங்கன்னு ரெண்டாவது டிக்கெட்டுக்குத் தெரியாது, அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க அங்கதான் ஏறணும். நீங்க பழைய சீட்லயே தூங்கிட்டு இருந்தா செக் பண்ண வர்றவரு 47 காலின்னு பார்த்து ஆள் வரலன்னு குறிச்சுடலாம், இந்திய ரயில்ல அந்த சீட் ஆர்ஏசில இருக்குறவங்களுக்குப் போயிடும். அதனால ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு டிக்கெட்டையும் டிடிஇகிட்ட காட்டி சொல்லிடுங்க, ஒரு பெட்டில இருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளயே நடந்து போக வழி இருக்கான்னும் பாருங்க, ஏன்னா வழி இல்லன்னா ரெண்டு நிமிஷ ஸ்டாப்ல லக்கேஜோட ப்ளாட்ஃபார்ம்ல ஓடணும். நான் எப்பவும் ட்ரெயின் கொஞ்சம் அதிக நேரம் நிக்கிற ஸ்டேஷனாத்தான் பார்த்து வெட்டுவேன், நடு ராத்திரில வர்ற ஸ்டேஷன்னா வேண்டவே வேண்டாம்.

இன்னொன்னு, ஒரு பாதி கன்ஃபார்ம், மறுபாதி வெயிட்டிங் லிஸ்ட்னா தயவுசெஞ்சு எடுக்காதீங்க. சார்ட் போட்டப்புறமும் வெயிட்டிங்லயே இருந்தா அந்த ஆன்லைன் டிக்கெட் தானா கேன்சல் ஆயிடும், நீங்க பாதி வழில நிப்பீங்க. சீட் கம்மியா இருக்குற பாதியை முதல்ல எடுத்துட்டு உடனே அடுத்ததை எடுங்க. காசும் கூடத்தான் ஆகும், தூரம் கூடக்கூட கிலோமீட்டர் ரேட் குறையுற லாபம் போயிடும், ரிசர்வேஷன் சார்ஜ் ரெண்டு தடவை.

ரெண்டாவது பாதி வேற ட்ரெயின்னா கதையே வேற. எனக்கு ஒரு தடவை முதல் ட்ரெயின் ஐம்பது நிமிஷம் லேட், அடுத்தது என் கண்ணு முன்னாடியே கிளம்பிடுச்சு, அந்த டிக்கெட் காசு மொத்தமும் போச்சு. தனித்தனி டிக்கெட்னா முதல்தோட லேட்டுக்கு ரெண்டாவது பொறுப்பில்ல, அவ்வளவுதான். இப்போ இந்திய ரயில்ல ரெண்டு பிஎன்ஆரையும் லிங்க் பண்ற வசதி இருக்கு, லிங்க் பண்ணியிருந்து முதல் ட்ரெயின் லேட்டால அடுத்தது போயிட்டா போகாத பாதிக்கு ரீஃபண்ட் கேட்கலாம். ஆனா அது பணத்தைத்தான் திருப்பித் தரும், அடுத்த ட்ரெயின்ல சீட் தராது. அதனால வேற ட்ரெயின் மாறுறதா இருந்தா நடுவுல மூணு மணி நேரமாவது விடுங்க, அதுக்கப்புறம் அதே ரூட்ல அன்னைக்கு இன்னொரு ட்ரெயின் இருக்கான்னும் பார்த்துட்டே புக் பண்ணுங்க.