கடன் நாளை நீட்டுவது லேசான வழியா?

கொழும்பில் சரக்கைக் கடனுக்கு எடுத்து இங்கே கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அண்ணா, முடங்கின காசை வெளியே எடுக்க ஒரு வழி சொல்கிறார்: "கொழும்பு ஆக்களிட்ட 20 நாள் கடனை 30 ஆக்கினா சரி, காசு சுழலும். அதுதான் லேசு."

அண்ணா, 10 நாள் காசு கையில் நிற்கும், அது உண்மைதான். ஆனால் விலையைப் பாருங்கோ. ஒரு நாள் கொள்முதல் 2 லட்சம் என்று வைப்போம். அந்த 10 நாளுக்காகப் புறக்கோட்டையில் விலையை 1 வீதம் ஏற்றினால், கையில் நிற்கும் 20 லட்சத்துக்கு நாளுக்கு 2,000 ரூபா போகும். வருசத்துக்கு ஏறக்குறைய 36 வீத வட்டிக்குச் சமம்.

தம்பி ஒருவர், கடைகளுக்கு நீங்கள் கொடுத்த கடனை நெருக்கி வாங்கச் சொல்கிறார். வாடைக்காற்று மாதங்களில் கடலோரக் கடைகளிலேயே காசு இராது. நெருக்கினால் வாடிக்கை கைமாறும்.

உங்கள் கையில் மட்டும் இருப்பது களஞ்சியம். சரக்கு அங்கே சராசரி 30 நாள் கிடக்குது என்ற கணக்கு ஏமாற்றும். அரிசி வாரத்தில் போகும், மூலையில் சவர்க்காரப் பெட்டிகள் 90 நாள் கிடக்கும். அந்தச் சரக்கு கொள்விலையில் நாளுக்கு 20,000 ரூபாவுக்குப் போனால், 18 லட்சம் அங்கே முடங்கியிருக்கு. அதை 30 நாளாக்கினால் 12 லட்சம் வெளியே வரும், அது உங்கள் 6 நாள் கொள்முதல், அதாவது போட்ட காசு திரும்பி வர எடுக்கும் நாளில் 6 குறையும். ஒவ்வொரு பெட்டியிலும் வந்த திகதியை மார்க்கரால் எழுதுங்கோ, எது தூங்குது என்று ஒரு மாதத்தில் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்போது லொறிக்கூலி எவ்வளவு கூடும் என்பதை உங்கள் பில்லை வைத்துத்தான் பார்க்க வேணும்.