பேசாத கருவியை சுவிட்ச் மறந்துவிடும்
“ஒருமுறை முகவரியைக் கற்றுக்கொண்டால் அந்தப் போர்ட்டுக்கு மட்டுமே சுவிட்ச் அனுப்பும்.” எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஈதர்நெட் ஃபிரேமின் முதல் 6 பைட் பெறுநரின் வன்பொருள் முகவரி, அடுத்த 6 பைட் அனுப்புநருடையது. சுவிட்ச் கற்பது இந்த இரண்டாவதிலிருந்துதான். ஒரு கருவிக்கு எத்தனை ஃபிரேம் வந்தாலும், அது தானும் ஒன்றை அனுப்பாவிட்டால் அதன் பதிவு வழக்கமாக 300 விநாடியில் அழிந்துவிடும். பிறகு அதற்கு வருவதெல்லாம் அந்த விலானின் மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரவும். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இதைப் பார்த்தேன். கேமராப் படங்கள் ரூட்டர் வழியாக ஒரு டிகோடர் பெட்டிக்கு யூடிபியில் போகும், பெட்டி பதில் பேசாது. ரூட்டரோ பெட்டியின் ஐபிக்குரிய வன்பொருள் முகவரியைக் குறித்த ஆர்ப் பதிவை 4 மணி நேரம் வைத்திருந்ததால் அதை மறுபடி விசாரிக்கவும் இல்லை. விளைவாக, கணக்கு ஆபிசுக்குப் போகும் வயர்லெஸ் இணைப்பு முழுக்க சம்பந்தமில்லாத வீடியோவால் நிரம்பி, சம்பளக் கணக்கு வேலையே நின்றுபோனது. கண்டுபிடிப்பது சுலபம்: வேறொரு கணினியில் வயர்ஷார்க்கைத் திறந்தால் டிகோடரின் முகவரிக்கான ஃபிரேம்கள் அங்கேயும் வந்து கொட்டும். டிகோடரை ஒருமுறை பிங் செய்தால் அது பதில் அனுப்பும், சுவிட்ச் கற்கும், வெள்ளம் உடனே நிற்கும். சரியாக 5 நிமிடத்தில் மறுபடி தொடங்கும். ரூட்டர் இன்டர்ஃபேஸில் `arp timeout 270` கொடுத்து, சுவிட்சின் பதிவு அழியும் முன்பே டிகோடரைப் பதில் பேச வைத்ததும் தீர்ந்தது. சிலர் சுவிட்சையே மாற்றச் சொல்வார்கள், புதியதும் இதையேதான் செய்யும்.