எந்த மாதத்து ரிட்டர்ன் ஐயா அது?

மாதக் கடைசி வந்தால் போதும், எங்கள் விற்பனை மேலாளர் என் மேசைக்கு வந்துவிடுகிறார். "விற்ற சரக்கில் ரிட்டர்ன் 10 சதவீதம்தானே? அதுதான் கணக்கில் ஏறிவிட்டதே, அதற்கு மேல், இனி வரப்போவதற்கென்று எதற்கு ஒதுக்கீடு?" ஏறியது எந்த மாதத்துச் சரக்கு என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நாங்கள் ஆயத்த ஆடைகளை இணையத்தில் விற்கிறோம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாகவே சொல்கிறேன். 100 ரூபாய்க்கு விற்றால் 15 ரூபாய்ச் சரக்கு திரும்பி வரும். அதில் 5 அதே மாதம் வரும், 10 அடுத்த மாதம் வரும். செப்டம்பரில் விற்றது 1 கோடி. தீபாவளி புண்ணியத்தில் அக்டோபரில் 2 கோடி. அக்டோபரில் திரும்பி வந்தது 20 லட்சம். மேலாளர் 20-ஐ 200-ஆல் வகுக்கிறார், 10 சதவீதம் என்று மார்தட்டுகிறார்.

அந்த 20 லட்சத்தில் பாதி செப்டம்பரில் விற்ற சரக்கு! செப்டம்பர் கடைசியில் வைத்த ஒதுக்கீட்டில் கழிய வேண்டியது அது. அக்டோபர் விற்பனையில் திரும்பியது 10 லட்சம்தான். இன்னும் 20 லட்சம் வரவேண்டியிருக்கிறது. ஒதுக்க வேண்டிய தொகையும் அதுவே. அவர் பேச்சைக் கேட்டால் அக்டோபர் லாபம் ஊதிப் பெருகும், அவருக்கு ஊக்கத்தொகையும் கிடைக்கும். நவம்பரில் விற்பனை 80 லட்சமாகச் சுருங்கும். ரிட்டர்ன் 24 லட்சம் வரும். உடனே "30 சதவீதமா!" என்று கூட்டம் போட்டுத் தையல் பிரிவைத் திட்டுவார்கள். தையல்காரர் என்ன பாவம் செய்தார்?

முதலாளி வேறு ரகம். "20 லட்சமும் நஷ்டமா?" என்று அலறுகிறார். இல்லை ஐயா. விற்பனையில் 20 லட்சத்தைக் குறைத்து, வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய கடனாகக் காட்டுகிறோம். அந்தச் சரக்கின் அடக்கவிலை 12 லட்சம், அதுவும் நம்மிடம் திரும்பி வருகிறதே! ஆனால் மஞ்சள் கறையோடும் கிழிந்த லேபிளோடும் வருவதைக் கழித்து, 10 லட்சத்தைத்தான் சொத்தாகக் காட்ட முடியும். ஆக லாபத்தில் குறைவது 10 லட்சம். கடனில் சொத்தைக் கழித்து ஒரே வரியாக எழுதவும் கூடாது. எங்களுக்குப் பொருந்தும் இந்தியக் கணக்கியல் தரநிலை 115 தனித்தனியாகக் காட்டச் சொல்கிறது. அடுத்த கேள்வி, "ஜிஎஸ்டியையும் இப்போதே குறைத்துவிடலாமே?" சரக்கே வரவில்லை, வரியைக் குறைக்க எதற்கு கிரெடிட் நோட் போடுவது?

இத்தனைக்கும் நான் கேட்பது ஒன்றுதான். ரிட்டர்ன் பதிவேட்டில் மூல இன்வாய்ஸின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். அவை இருந்தால், எந்த மாதத்து விற்பனையில் எவ்வளவு திரும்பியது என்று பிரித்துவிடலாம். கிடங்கில் கேட்டால், "வந்த தேதி போட்டிருக்கிறோமே, போதாதா?" என்கிறார்கள்.