கலாய்ப்பதெல்லாம் காதல் இல்லை சாமி

"உன்னை மட்டும்தான் கலாய்க்கிறான்னா, உன் மேல ஒரு இது இருக்குடி" என்று கண்ணடிக்கிறவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒருத்தன் நாலு பேர் நடுவில் என்னை மட்டம் தட்டுவானாம், நான் வெட்கப்பட்டுச் சிரிக்கணுமாம். எந்த ஊர் நியாயம் இது?

ஆசையில் வம்பிழுப்பவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். முருங்கப்பாக்கத்தில் இறங்க வேண்டும். தவளக்குப்பம் தாண்டும்போது கண் சொக்கினால் முடிந்தது கதை, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்தான் எழுப்புவார். ஆபீசில் ஒருவர் இதை வைத்தே ஓட்டுவார். "இன்னைக்கு எதுவரைக்கும் டூர்? அடுத்த தடவை அப்படியே திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துடுங்க" என்பார். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். கண் என் முகத்திலேயே இருக்கும், நான் சிரிக்கிறேனா என்று. பதிலுக்கு, வண்டிச் சாவியைத் தேடி அவர் மாடிக்கும் கீழுக்கும் அலைவதை நான் ஓட்டினால், என்னைவிட அவர்தான் பலமாகச் சிரிப்பார்.

இன்னொருவர் இருக்கிறார். இவரைப் பற்றித்தான் அந்த 'ஒரு இது' பேச்சு. வாடிக்கையாளரிடம் போனில் இங்கிலீஷ் பேசினால் எனக்கு நாக்கு குழறும், அதை ஒருநாள் டீ குடிக்கும்போது நம்பிச் சொல்லியிருந்தேன். அடுத்த மீட்டிங்கில் மேனேஜர் முன்னால், "இந்த கஸ்டமர் போன் காலை மேடத்துக்குக் குடுங்க சார், அவனே பயந்து கட் பண்ணிடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, யார் யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தூக்கம் ஊரே பார்ப்பது. நாக்கு குழறுவது நான் அவரிடம் மட்டும் சொன்னது. அதைச் சபைக்கு எடுத்துப் போவதில் எங்கே இருக்கிறது ஆசை?

அதோடு விட்டாரா? மறுநாள் தனியாக வந்து, "பரவாயில்லையே, உங்க கலருக்குக் கூட இந்த சுடிதார் எடுப்பாத்தான் இருக்கு" என்கிறார். பாராட்டா திட்டா என்று வீடு வந்து சேரும்வரை மண்டை குடையும். இதை ஒரு வித்தையாகவே கற்றுக்கொடுக்கிற கூட்டம் வெளிநாட்டில் உண்டு, 'நெகிங்' என்று அதற்குப் பெயர் வேறு. லேசாக மட்டம் தட்டிவிட்டால், அவள் தன்னை நிரூபிக்கப் பின்னாலேயே வருவாள் என்பது கணக்கு. அசிங்கம் என்னவென்றால், சில நாள் அது பலிக்கும். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று நானே காத்திருந்திருக்கிறேன்.

சரி, நல்லவன் கூட சில சமயம் வாய் தவறுவான்தானே? தவறுவான். ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. கலாய்ப்பவருக்குத் தன் மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும், அது எதிராளிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். எதிராளிக்குக் காதில் விழுவது வார்த்தை மட்டும். அதனால் ஒரு கிண்டலை வைத்து யாரையும் எடைபோட முடியாது. வலிக்கிறது என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இரண்டு பேரிடமும் சொன்னேன், தனித்தனியாக, கோபப்படாமல். பஸ் ஆசாமி ஒருமுறை, "வீட்ல தூங்க விடலையா?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ராத்திரியெல்லாம் விழித்திருந்த சமயம் அது. "இப்போ இது வேண்டாங்க" என்றேன். முகம் சுருங்கிப் போய், "ஐயோ, தெரியாதுங்க, சாரி" என்றார். தூக்கப் பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, வம்பிழுக்க என் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தவரிடம், "என் இங்கிலீஷைப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசாதீங்க" என்றேன். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேங்க, இதுக்குப் போயா?" என்றார். அன்று மதியமே சாப்பிடும் இடத்தில், "மேடம்கிட்ட பார்த்துப் பேசுங்கப்பா, அழுதுடுவாங்க" என்று அதையும் ஜோக்காக்கிவிட்டார். ஒருநாள் அவர் ரிப்போர்ட்டில் இருந்த தப்பை வைத்து நான் லேசாக ஓட்டினேன். அவ்வளவுதான், ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவருக்கு விளையாட்டு என்றால் அடிப்பது மட்டும்தான், வாங்கிக்கொள்வது இல்லை.

இப்போதெல்லாம் அவர் ஏதாவது சொன்னால் நான் சிரிப்பதில்லை. "புரியலையே, விளக்கமா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்க்கிறேன். விளக்கம் வருவதில்லை. "இவங்களுக்கு ஜோக்கே புரியாது" என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அதைப் பார்த்த பிறகும் பக்கத்து சீட்டு அக்கா கேட்கிறார், "பாவம்டி, உனக்காக ஏங்குறான் போல இருக்கே?"