தாய்லாந்துக்கு மெயில் எழுதுகிறீர்களா? செல்லப்பெயருக்கு அவசரப்படாதீர்கள்

தாய்லாந்து நிறுவனங்களோடு புதிதாக வியாபாரம் பேசுபவர்கள் விலையையும் சரக்கையும் பற்றி எவ்வளவோ யோசித்து எழுதுகிறார்கள். ஆனால் எதிரில் இருப்பவரை எப்படி அழைப்பது என்பதை மட்டும் அமெரிக்க, ஐரோப்பிய வழக்கப்படியே விட்டுவிடுகிறார்கள். முதல் மெயிலில் Ms. போட்டுக் குடும்பப்பெயர், இரண்டாவது மெயிலில் நேராகச் செல்லப்பெயர். இரண்டுமே அங்கே பொருந்தாது.

தாய்லாந்தில் குடும்பப்பெயர் வழக்கத்துக்கு வந்தே நூறு வருஷத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகிறது. ஆறாம் ராமா மன்னர் வஜிராவுத் காலத்தில், 1913-இல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆவணத்தில் அது இருக்கும், ஆனால் யாரும் அதைச் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. அமைச்சரானாலும் அலுவலக உதவியாளரானாலும் முதல் பெயர்தான். அதன் முன்னால் ‘குன்’ என்ற மரியாதைச் சொல் வரும். ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லோருக்கும் அதே குன். Mrs.-ஆ Miss-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். மணமான பெண் தன் பெயருக்கு முன்னால் இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தானே முடிவு செய்யலாம் என 2008-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. நீங்கள் ஊகிப்பதில் பயனில்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாங்காக்கில் கொள்முதல் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு எழுதுகிறீர்கள். அவருடைய மெயிலின் அடியில் இப்படி இருக்கிறது:

```
Pimchanok S. (Ploy)
Purchasing Manager
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது செல்லப்பெயர். குழந்தையாக இருக்கும்போதே வீட்டில் வைத்தது. முறையான பெயரைச் சுருக்கி வந்ததாக இருக்க வேண்டியதில்லை, பல நேரம் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. பிளோய், நோக், லெக் போல ஓரசைச் சொற்கள் நிறைய. பேங்க், கோல்ஃப் என்ற ஆங்கிலச் சொற்களும், பென்ஸ் என்ற கார் பெயரும் சகஜம். எனவே பிம்சனோக் என்பதைப் பார்த்து ‘பிம்’ என்று நீங்களாகச் சுருக்கினால், அவரை யாருமே கூப்பிடாத ஒரு பெயரால் கூப்பிட்டவர் ஆவீர்கள்.

முதல் மெயில் `Dear Khun Pimchanok,` என்று தொடங்கட்டும். எழுத்துக்கூட்டலை அவர் எழுதியபடியே எடுத்துக்கொள்ளுங்கள். இதே பெயரை Phimchanok என்று எழுதுபவர்களும் உண்டு. எது ‘சரி’ என்று நாம் திருத்தக் கூடாது. குன் இல்லாமல் வெறும் பெயரை எழுதுவது, முன்பின் தெரியாத பெரியவரை நம் ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும்.

இனி அவருடைய பதிலில் கையொப்பப் பட்டையைப் பார்க்காதீர்கள். அது எல்லோருக்கும் போகும் பொதுவான அச்சு. அதற்கு மேலே, அவர் கையால் தட்டச்சு செய்த கடைசி வரியைப் பாருங்கள். அங்கே Pimchanok என்று முடித்திருந்தால் நீங்களும் அதிலேயே நில்லுங்கள். Ploy என்று முடித்திருந்தால் அதுதான் அனுமதி. அடுத்த மெயிலில் `Dear Khun Ploy,` என்று எழுதலாம். கவனியுங்கள், பெயர்தான் மாறுகிறது, குன் அப்படியே இருக்கிறது. வியாபாரத்தில் குன்னைக் கைவிட வேண்டிய கட்டம் என்று ஒன்று வரவே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அவருடைய சக ஊழியர்கள் அதே மெயிலில் `P'Ploy` என்று எழுதுவார்கள். அந்த P' ‘பீ’, அதாவது அக்கா அல்லது அண்ணன். N' என்றால் ‘நோங்’, இளையவர். இதைப் பார்த்து நீங்களும் எழுதத் தொடங்காதீர்கள். பீ போட்டால் அவரை உங்களைவிட மூத்தவர் என்று முடிவு கட்டியதாகும். நோங் போட்டால், வாடிக்கையாளரை ஒரு படி கீழே வைத்ததாகும். வயது தெரிந்து, நேரில் பழகி, அவர்களே அழைக்கும் வரை அது அவர்கள் வீட்டு விஷயம்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குன் என்பதைத் தாய்லாந்து அலுவலகங்களில் `K.` என்று சுருக்குவார்கள். `Dear K. Senthil` என்று வந்தால், இன்ஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று திருத்தி எழுத வேண்டாம், அது மரியாதை. இதன் மறுபக்கம்தான் சிக்கல். உங்கள் அப்பா பெயர் கந்தசாமி, நீங்கள் `K. Senthilkumar` என்று கையெழுத்திடுகிறீர்கள். உங்களுக்கு நீங்களே குன் போட்டுக்கொண்டதாக அங்கே படிக்க வாய்ப்புண்டு. தனக்குத் தானே குன் சேர்ப்பது அங்கே வழக்கமில்லை. இன்ஷியலைப் பின்னால் தள்ளி `Senthilkumar K.` என்று வையுங்கள். மெயில் கணக்கில் அப்பா பெயர் முன்னால் நின்றால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல்லைப் பிடித்து உங்கள் அப்பாவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, வாக்கியத்தின் முடிவில் மரியாதைக்காகச் சேர்க்கும் ‘கா’, ‘க்ரப்’ என்ற சொற்கள். பெண் பேசினால் கா, ஆண் பேசினால் க்ரப். கேட்பவர் யார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, பேசுபவரைப் பொறுத்தது. பெண்ணுக்கு எழுதுகிறோமே என்று ஒரு ஆண் கா போடுவது நம் ஆட்கள் அடிக்கடி செய்யும் பிழை. தாய்லாந்துக்காரர்கள் பலர் ஆங்கில மெயிலில்கூட இதை விடுவதில்லை: `Noted ka`, `Please send today na krub`. இந்த ‘ந’வும் ‘கா’வும் சேர்ந்துதான் கட்டளையை வேண்டுகோளாக்குகின்றன. இதனால்தான், அதே ஆள் சுத்தமான ஆங்கிலத்தில் `Please send the quotation today.` என்று எழுதும்போது நமக்கு அதட்டுவது போலத் தெரிகிறது. அவர் மனதில் இருந்த குழைவு ஆங்கிலத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான். கோபப்பட்டுப் பதில் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் இதை எவ்வளவு பயன்படுத்தலாம்? ஆங்கில மெயிலில் வணக்கம் சொல்லும் இடத்தில் ஒரு `Sawasdee krub` அல்லது `Sawasdee ka`, கடைசி நன்றியில் இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். தாய்லாந்து எழுத்திலேயே எழுதுபவர்கள், குறிப்பாகப் பெண்கள், இரண்டு கா இருப்பதை மறக்கக் கூடாது. சாதாரண வாக்கியத்தின் முடிவில் ค่ะ, குரல் இறங்கும். கேள்வியிலும், ‘ந’வுக்குப் பின்னாலும் คะ, குரல் உயரும். นะค่ะ என்று எழுதுவது அந்நாட்டுக்காரர்களே செய்யும், அவர்களே திருத்திக்கொள்ளும் பிழை, சரியானது นะคะ. அரசு அலுவலகத்துக்குப் போகும் முறையான கடிதத்தில் கா, க்ரப் இரண்டுமே வராது. அங்கே தொடக்கத்தில் நம் ‘மதிப்பிற்குரிய’ போன்ற เรียน, முடிவில் நம் ‘மரியாதையுடன்’ போன்ற ขอแสดงความนับถือ என்ற நிலையான சொற்களே மரியாதையைச் சுமக்கின்றன.

பட்டம் உள்ளவர்களுக்குக் குன்னுக்குப் பதில் பட்டம் வரும், அதுவும் முதல் பெயரோடுதான்: Dr. Somchai. பல்கலைக்கழக ஆசிரியர் என்றால் Ajarn Somchai. அவர் செல்லப்பெயரில் கையெழுத்திட்டாலும் பட்டத்தை நீங்களாக எடுக்க வேண்டாம்.

செல்லப்பெயர் மெயிலின் விளிப்போடு நிற்கட்டும். இன்வாய்ஸ், ஒப்பந்தம், விசா அழைப்புக் கடிதம் எதிலும் அது வரக் கூடாது. அங்கே ஆவணத்தில் உள்ள முழுப்பெயரைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். தொலைபேசியில் நிலைமை தலைகீழ். பக்கத்து இருக்கைக்காரருக்கே முறையான பெயர் தெரியாமல் இருக்கலாம், கணக்குப் பிரிவுக்கோ முறையான பெயர் மட்டும்தான் தெரியும். பிளோய் என்று ஒரே அலுவலகத்தில் மூன்று பேர்கூட இருப்பார்கள். ஆகவே அழைப்பதற்கு முன் பெயர் இரண்டையும், பிரிவின் பெயரையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.